ஆறு மாதம் வைக்கப்பட்டன

ஆய்வறிக்கையின் செய்முறைப் பகுதியில் யாராவது ‘ஹேவ் பீன்’ என்று எழுதியிருந்தால் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறும். இந்த மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் எழுதப்படும் அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. நான் பார்த்து ஒப்புதல் போடாமல் எந்த அறிக்கையும் வாசலைத் தாண்டாது. பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் என் மேசைக்கு வந்து கைகட்டி நிற்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கோப்பைத் தட்டிவிட்டு, “கொஞ்சம் கமா, ஃபுல்ஸ்டாப் பாத்து அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கமா பார்ப்பவள் என்றால் அவர்களுக்கு அவ்வளவு இளக்காரம்.

இத்தனைக்கும் நான் கேட்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குப்பிகள் நிரப்பப்பட்டன, மூடப்பட்டன, சூட்டில் வைக்கப்பட்டன. ஆங்கிலத்தில் ‘வேர் ஃபில்ட்’, ‘வேர் சீல்ட்’, ‘வேர் கெப்ட்’. யார் நிரப்பினார் என்பது படிப்பவருக்கு முக்கியமில்லை. அவர் எங்கோ உட்கார்ந்துகொண்டு அதே வேலையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது குப்பியும் சூடும்தான், ஆள் இல்லை. அதனால் செயப்பாட்டு வினை. எழுத உட்காரும்போது வேலை முடிந்துபோய்விட்டது. அதனால் சாதாரண இறந்தகாலம். ‘ஹேவ் பீன்’ வேண்டுமென்றால் முன்னுரையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்து பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது என்று சொல்லும் இடத்தில் அது பாந்தமாக உட்காரும், ஏனென்றால் அந்தப் பயன்பாடு இன்றைக்கும் தொடர்கிறது. முடிந்துபோன சோதனைக்குள் அதைக் கொண்டுவந்து செருகினால், வேலை முடிந்ததா, இன்னும் நடக்கிறதா என்று படிப்பவர் தலையைச் சொறிய வேண்டியதுதான். இதைப் பயிற்சி வகுப்பில் திரையில் போட்டுக் காட்டித் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லி என்ன பயன்? என் சொந்த நாத்தனாரே கேட்டதில்லை.

பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் அவள் என் கணவரின் ஒரே தங்கை. மாமனாரும் மாமியாரும் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். கல்லூரிக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பியது நான். அவள் இதே நிலையத்தில், சோதனைக்கூடத்தில், ஒப்பந்த வேலையில் இருந்தாள். வருடா வருடம் ஒப்பந்தம் முடியும்போது, நீட்டிப்பார்களா என்று வீட்டில் எல்லாரும் நாள் எண்ணுவோம். அவள் எழுதும் அறிக்கையில் எதற்கெடுத்தாலும் ‘ஹேவ் பீன்’ இருக்கும். கலக்கப்பட்டிருக்கிறது, வடிகட்டப்பட்டிருக்கிறது, குலுக்கப்பட்டிருக்கிறது. நான் அடித்து அடித்து ‘வாஸ்’, ‘வேர்’ என்று போடுவேன். என் கணவருக்கு இதில் ஒரு குஷி. சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, “தட்டுகள் கழுவப்பட்டன” என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிடுவார். கழுவியது யார் என்று கேட்கக் கூடாதாம், நான்தானே சொல்லிக்கொடுத்தேனாம்.

அன்றைக்கு மேசைக்கு வந்தது குழந்தைகளுக்கான கண் சொட்டு மருந்தின் அறிக்கை. பாப்பா எழுதியது. எழுதியவர்கள் பட்டியலில் நிலையத்தின் டைரக்டர் பெயர் முதலில், கண் மருத்துவமனையின் பெரிய டாக்டரம்மா பெயர் அடுத்து, பாப்பாவின் பெயர் கடைசியில். மருந்து கடையில் இரண்டு வருடம் கெடாமல் இருக்குமா என்று பார்க்க இரண்டு வருடம் காத்திருக்க முடியாது. அதனால் குப்பிகளை நாற்பது டிகிரி சூட்டில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஆறு மாதம் வைப்பார்கள். தொடக்கத்தில் ஒரு தடவை, மூன்றாம் மாதம் ஒரு தடவை, ஆறாம் மாதம் ஒரு தடவை எடுத்து மருந்தின் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சோதனைக்கூடத்தில் அந்தப் பெட்டிக்குச் சேம்பர் என்று பெயர். பாப்பாவுக்கு அது பிள்ளை மாதிரி. விடுமுறை நாளில்கூடப் போய் அதன் சூட்டைப் பார்த்துவிட்டு வருவாள்.

இந்த அறிக்கை சரியாகப் போய்ச் சேர்ந்தால் அவளை நிரந்தரம் ஆக்குவதாக டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் அவர் படத்தை மாட்டி விளக்கேற்றாத குறைதான். அதனால் நானும் பக்கம் பக்கமாகக் கவனமாகப் படித்தேன். நாலாவது பக்கத்தில் நின்றது பேனா. ‘ஹேவ் பீன் கெப்ட்’. குப்பிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. எத்தனை தடவை சொல்லியும் இந்தப் பெண்ணுக்கு ஏறவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கப் போனேன்.

அடிக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய வரிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. குப்பிகள் நிரப்பப்பட்டன, ‘வேர்’. மூடிகள் இறுக்கப்பட்டன, ‘வேர்’. தொடக்கச் சோதனை செய்யப்பட்டது, ‘வாஸ்’. மூன்றாம் மாதக் குப்பிகள் சோதிக்கப்பட்டன, ‘வேர்’. ஒரு இடத்தில்கூடப் பிசகு இல்லை. ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும், இன்ன தேதியிலிருந்து குப்பிகள் நாற்பது டிகிரியில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று இருந்தது. அதாவது அன்றைக்கு வைத்தது, இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது. தேதியைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினால் நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

பாப்பா பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள். முடிந்ததை முடிந்ததாகவும் முடியாததை முடியாததாகவும் எழுதத் தெரிந்துவிட்டது. ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அட்டவணையில் ஆறாம் மாதம் என்று ஒரு பத்தி, அதில் வரிசையாக எண்கள். இன்னும் வராத மாதத்தின் எண்கள். 

நேராக டைரக்டர் அறைக்குப் போனேன். கண்ணாடி மேசை, அதன் மேல் ஒரு துரும்புகூட இல்லை. வேலை செய்பவர்களின் மேசை அப்படி இருக்காது. ஆறாம் மாதச் சோதனை எப்போது நடந்தது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மூன்று மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துவிட்டது, ஆறு மாதத்தில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடுவது சின்னப் பிள்ளை வேலை, குப்பி எப்படியும் அப்படித்தான் வரும் என்றார். மருத்துவமனைகளின் கொள்முதல் பட்டியலுக்கு விண்ணப்பிக்க இதுதான் கடைசி வாரம், விட்டால் அடுத்த வருடம்தான், அதுவரை குழந்தைகள் கண் எரிச்சலோடு இருக்க வேண்டுமா என்று என்னையே கேட்டார். குழந்தைகளின் மேல் அவருக்கு அன்றைக்குத்தான் பாசம் பொங்கியது.

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் நகர்த்தினார். என் பயிற்சி வகுப்புத் தாள். செய்முறைப் பகுதியில் செயப்பாட்டு வினை, சாதாரண இறந்தகாலம், ‘ஹேவ் பீன்’ கூடாது. என் கையாலேயே அடிக்கோடு போட்டது.

“மேடம், இது நீங்க எழுதுனதுதானே? அதைத்தான் நான் கேக்கறேன். நீங்க லாங்வேஜ் மட்டும் பாருங்க. சயின்ஸை நான் பாத்துக்கறேன்.”

என் விதியை வைத்தே என் வாயை அடைக்கப் பார்க்கிறார். வேலை முடிந்துவிட்டது என்பதால்தான் அந்த விதி, விதி இருக்கிறது என்பதால் வேலை முடிந்துவிடாது என்று சொன்னேன். நாளைக்குள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார். வெளியே வரும்போது கதவை நான் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

சாயங்காலம் வீட்டில் பாப்பா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அட்டவணை யார் போட்டது என்று கேட்டேன். சார் போட்டது என்றாள், தலையை நிமிர்த்தாமல். நல்ல காரியம் செய்தாய், அந்த ஒரு வாக்கியத்தையாவது உண்மையாக எழுதினாயே, அதைப் பிடித்துக்கொண்டு நான் சண்டை போடுகிறேன் என்றேன். அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“சண்டையெல்லாம் வேண்டாம் அண்ணி. நீங்க மாத்திடுவீங்கன்னுதான் விட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. என்னடி சொல்கிறாய் என்றேன்.

“என்னால அதை டைப் பண்ண முடியல. உக்காந்தேன், கை வரல. எப்படியும் உங்ககிட்டதானே வரும், எப்பவும் போல அடிச்சு ‘வேர்’னு போட்டுடுவீங்கன்னு விட்டுட்டேன். நீங்க போட்டா அது கிராமர் அண்ணி. நான் போட்டா பொய்.”

அவள் அதை நிதானமாகச் சொன்னாள். யோசித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டைரக்டர் மேல் வந்ததைவிடப் பத்து மடங்கு. அந்த ஆள் யாரோ எவனோ. இவள் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். தன் கையில் ஒட்டக் கூடாத அழுக்கை என் பேனாவில் துடைக்கலாம் என்று நினைத்திருக்கிறாள், அதுவும் நான் கவனிக்கவே மாட்டேன் என்ற நம்பிக்கையில். என் அத்தனை வருட வேலையையும் அவள் ஒரு கால்மிதியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

கத்தினேனா? கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். என் கணவர் உள்ளிருந்து ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

“ஒரு வார்த்தைக்காக அவ வாழ்க்கையைக் கெடுக்கணுமா? மாத்திக் குடுத்துட்டுப் போயேன்.”

அவர் கெட்டவர் இல்லை. தங்கை என்றால் உயிர். அதனால்தான் அவருக்கு அது ஒரு வார்த்தையாகத் தெரிந்தது. நான் அவரிடம் கேட்டேன், நாளைக்கு நம் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, அதன் கண்ணில் இந்தச் சொட்டை விடச் சொன்னால், சோதிக்காத குப்பி என்று தெரிந்தும் விடுவீர்களா? அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அறிக்கையின் மற்ற பக்கங்களை எல்லாம் மறுநாள் திருத்தினேன். கமா போட வேண்டிய இடத்தில் கமா. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தொடவில்லை. அதன் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினேன். முடிந்துவிட்டது என்றால் குப்பிகள் வெளியே எடுக்கப்பட்ட தேதியைக் குறிப்பிடவும், முடியவில்லை என்றால் ஆறாம் மாதப் பத்தி எங்கிருந்து வந்தது என்று குறிப்பிடவும். இது ஒன்றும் வீரச் செயல் இல்லை, சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேட்பது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பதுதான். டைரக்டருக்கு அனுப்பவில்லை. பாப்பாவுக்கு மட்டும் அனுப்பினேன். எழுதியது அவள். அந்த வாக்கியம் எந்தக் காலத்தில் இருக்க வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு டைரக்டர் அவளை இரண்டு தடவை கூப்பிட்டார் என்று கேள்விப்பட்டேன். மதியம் சாப்பாட்டு அறையில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வேறு மேசையில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவே இல்லை. அது நான் காலையில் கட்டிக் கொடுத்த டப்பா. எனக்கு மனசு பிசைந்தது, அதே சமயம் கோபமும் இறங்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலை முடியும் நேரத்தில் திருத்திய அறிக்கை வந்தது. எனக்கு மட்டும் இல்லை, டைரக்டருக்கு, கண் டாக்டரம்மாவுக்கு, எல்லாருக்கும் ஒரே சமயத்தில். ஆறாம் மாதப் பத்தியைக் காணோம். ‘ஹேவ் பீன் கெப்ட்’ வாக்கியம் அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. ஆறாம் மாதக் குப்பிகள் இன்னும் சோதிக்கப்படவில்லை. ‘ஹேவ் நாட் யெட் பீன் டெஸ்டட்’.

திரும்பத் திரும்பப் படித்தேன். செய்முறைப் பகுதியில் நான் முதன்முதலாக அடிக்காமல் விட்ட ‘ஹேவ் பீன்’கள் அந்த அறிக்கையில் உள்ளவைதான். திருத்த ஒன்றுமில்லை. ஒப்புதல் போட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

கண் டாக்டரம்மா அன்றைக்கே பதில் போட்டாராம், அப்படியானால் காத்திருப்போம் என்று. கொள்முதல் பட்டியலின் கடைசித் தேதி போய்விட்டது. அந்த மாத முடிவில் பாப்பாவின் ஒப்பந்தமும் போய்விட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை, அவ்வளவுதான். யார் நீட்டிக்கவில்லை என்று அந்த வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டு வினைக்கு இப்படியும் ஒரு சௌகரியம் உண்டு என்பதை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பாப்பா வீட்டில் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். உப்பு வேண்டுமா, கதவைப் பூட்டியாச்சா. ஒரு நாள் மட்டும், காலண்டரைப் பார்த்தபடி, சேம்பர் சூட்டை யாராவது பார்க்கிறார்களா என்று கேட்டாள். பார்க்கிறார்கள் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நாற்பதில்தான் இருக்கிறது என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். அவளுக்கு வேறு வேலை அமையவில்லை. என் கணவர் தட்டைப் பற்றி நகைச்சுவை செய்வதை நிறுத்திவிட்டார், தானே கழுவி வைத்தார்.

ஆறாம் மாதம் வந்தது. குப்பிகளை எடுத்துச் சோதித்தார்கள். எண்கள் வந்தன. டைரக்டர் கணக்குப் போட்டு வைத்திருந்ததற்கு மிக அருகில் வந்தன. மருந்து நன்றாக இருந்தது. தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தபோது அவர் நின்று, “பாத்தீங்களா மேடம்? சொன்னேன்ல?” என்று சிரித்தார். ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம் என்று அந்தச் சிரிப்பில் சொல்லியாயிற்று. என் வாயில் கெட்ட வார்த்தை வந்தது, விழுங்கினேன். எண் அப்படி வரும் என்பது வேறு, அப்படி வந்தது என்பது வேறு. நடுவில் யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இது புரியாத ஆள் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவர்.

மறுவாரம் புது அறிக்கை என் மேசைக்கு வந்தது. குப்பிகள் நிரப்பப்பட்டன. மூடிகள் இறுக்கப்பட்டன. குப்பிகள் நாற்பது டிகிரியில் ஆறு மாதம் வைக்கப்பட்டன, ‘வேர் கெப்ட்’. உள்ளே வைத்த தேதி இருந்தது, வெளியே எடுத்த தேதியும் இருந்தது. இம்முறை அது உண்மை. ஒரு ‘ஹேவ் பீன்’ இல்லை. என் பயிற்சித் தாளில் உள்ளபடி அச்சு அசலாக இருந்தது.

முதல் பக்கத்துக்குத் திரும்பி எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தேன். டைரக்டர், கண் டாக்டரம்மா. முடிந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் தேடினேன், அங்கேயும் இல்லை. நிரப்பியவள் இல்லை, மூடியவள் இல்லை, விடுமுறை நாளில் போய்ச் சூட்டைப் பார்த்தவள் இல்லை. எல்லாம் தானாக நிரப்பப்பட்டு, தானாக மூடப்பட்டு, தானாக வைக்கப்பட்டிருந்தது. இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.  ‘வேர் ஃபில்ட்’ என்பதற்குப் பக்கத்தில் ஓரத்தில் எழுதினேன், யாரால்? ‘வேர் சீல்ட்’ பக்கத்தில், யாரால்? ‘வேர் கெப்ட்’ பக்கத்தில், யாரால்? நான்காவது பக்கம் முழுவதும் அதே கேள்வி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் யாரையும் கேட்டிராத, கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த கேள்வி. இம்முறை டைரக்டருக்கும் கண் டாக்டரம்மாவுக்கும் சேர்த்தே அனுப்பினேன்.

டைரக்டர் உடனே போன் செய்தார். என்ன மேடம் இது விளையாட்டு, செய்முறையில் ஆள் பெயர் வேண்டாம் என்று நீங்கள்தானே வகுப்பு எடுத்தீர்கள் என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஆமா சார், நாந்தான் எடுத்தேன். செய்முறையில பேர் வேண்டாம். முதல் பக்கத்துல வேணும்.”

அவர் போனை வைத்துவிட்டார். கண் டாக்டரம்மாவிடமிருந்து இதுவரை பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பாப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.  கொஞ்ச நேரம் கழித்து அவள் சமையலறைக்கு வந்து, நான் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அறிக்கை என் மேசையில்தான் இருக்கிறது. ஒப்புதல் இன்னும் போடப்படவில்லை. யார் போடவில்லை என்று யாராவது கேட்டால், நான்தான்.